மாடியை எண்ணி உயரம் சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடிக்குப் பத்து அடி என்று பெருக்கினால் போதாதா?

ஐந்தாறு மாடிக்குள் இருக்கும் குடியிருப்புக் கட்டடம், இரண்டு மூன்று அடி கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை என்றால், போதும். ஆனால் அந்தப் பத்து அடி எதிலிருந்து எதுவரை என்று தெரிந்துகொண்டு பெருக்க வேண்டும். பலர் அதை வீட்டுக்குள் நின்று தலைக்கு மேல் பார்க்கும் உயரம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒரு மாடியின் தரையிலிருந்து அடுத்த மாடியின் தரைவரை உள்ள உயரம் அது.

அந்த 10 அடிக்குள் கூரையாக இருக்கும் கான்கிரீட் தளம் 5 அங்குலம் போய்விடும். அதன் மேல் போடும் கலவைக்கும் டைல்ஸுக்கும் 2 அங்குலம். மிஞ்சுவது 9 அடி 5 அங்குலம். மின்விசிறி தொங்குவது அந்த இடத்தில்தான். மக்கள் புழங்கும் அறைக்கு உள்ளுயரம் குறைந்தது 2.75 மீட்டர், அதாவது 9 அடி இருக்க வேண்டும் என்று இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. அதோடு தளத்தையும் டைல்ஸையும் சேர்த்தால் ஏறத்தாழ 2.93 மீட்டர் வருகிறது. அதனால்தான் அடுக்குமாடிகளில் ஒரு மாடி 3 மீட்டருக்கோ 10 அடிக்கோ (3.05 மீட்டர்) பக்கத்தில் வந்து நிற்கிறது. இதற்குக் கீழே போக விதி விடாது. மேலே போனால் செலவு கூடும்.

தனி வீடு கட்டுகிறவர்கள் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். "உள்ளே பத்து அடி வேணும்" என்று கேட்டுக் கட்டுவார்கள். அங்கே மாடிக்கு பத்தரை அடிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் என்றால் 12 அடிக்குக் குறைவாகத் தொடங்கவே வேண்டாம்.

அஞ்சு மாடிக் கட்டடம் என்றால் அஞ்சால் பெருக்குவதா, ஆறாலா?

கணக்கு பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். "அஞ்சு மாடி" என்று ஒருவர் சொன்னால் தரைத்தளத்தையும் சேர்த்து ஐந்தா, தரைக்கு மேலே ஐந்தா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கட்டுமானக்காரர்கள் இதற்காகவே "ஜி பிளஸ் 5" என்றோ "ஸ்டில்ட் பிளஸ் 5" என்றோ சொல்வார்கள். இரண்டுமே ஆறு அடுக்கு. வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் தளத்தில் சுவர் இல்லை என்பதற்காக அதற்கு உயரம் இல்லாமல் போகாது. தரைக்கு அடியில் இருக்கும் பேஸ்மெண்ட்டைச் சேர்க்காதீர்கள்.

லிஃப்டில் இருக்கும் பொத்தானை நம்பி எண்ணுவதும் ஆபத்து. சில கட்டடங்களில் 12க்கு அடுத்து 14 வரும். கோலாலம்பூர் பக்கம் போனால் 4க்குப் பதிலாக 3A என்று போட்டிருப்பார்கள். அது பெயர் மாற்றம் மட்டுமே, அடுக்கு இருக்கிறது. ஆனால் 13 என்ற எண்ணையே விட்டிருந்தால் பொத்தான் காட்டுவதை விட ஓர் அடுக்கு குறைவு. வெளியே நின்று கட்டடத்தின் பின்பக்கத்தில் ஜன்னல் வரிசையை எண்ணுவதே நல்லது. முன்பக்கம் அலங்காரக் கண்ணாடி போட்டு ஏமாற்றும். பின்பக்கம் குளியலறை ஜன்னல்கள் பொய் சொல்லாது.

சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தையே பாருங்கள். 1959இல் திறந்தது. அதை 14 மாடி என்பாரும் உண்டு, 15 மாடி என்பாரும் உண்டு. பொதுவாகச் சொல்லப்படும் உயரமான 177 அடியை 14ஆல் வகுத்தால் மாடிக்கு 12.6 அடி, 15ஆல் வகுத்தால் 11.8 அடி. இரண்டுமே அலுவலகக் கட்டடத்துக்கு நம்பக்கூடிய எண்கள்தான். அதனால் உயரத்தை வைத்து மாடி எண்ணிக்கையைத் தீர்க்கவும் முடியாது.

ஒரு கட்டடத்தை எடுத்து முழுக் கணக்கும் போட்டுக் காட்ட முடியுமா?

சென்னையில் தெருவுக்கு இரண்டு நிற்கிற வகையையே எடுத்துக்கொள்வோம்: ஸ்டில்ட் பிளஸ் 5, குடியிருப்பு.

சாலை மட்டத்திலிருந்து ஸ்டில்ட் தரை 1 அடி உயரம். ஸ்டில்ட் தரையிலிருந்து முதல் மாடித் தரைவரை 10 அடி. அதற்கு மேல் ஐந்து மாடி, மாடிக்கு 10 அடி வீதம் 50 அடி. ஆக மொட்டைமாடித் தளத்தின் மேல்முகம் சாலையிலிருந்து 61 அடியில் இருக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் உயரம் கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தேவையான எண் கிடைக்காது. மழைநீர் வழிய வாட்டம் கொடுத்துத் தட்டோடு பதிப்பார்கள், அதற்கு அரை அடி. சுற்றிலும் கைப்பிடிச் சுவர் மூன்றரை அடி. கைப்பிடிச் சுவரின் உச்சி 65 அடி. மாடிப்படி வந்து முடிகிற ஹெட்ரூமுக்கு அதன் தளத்தையும் சேர்த்து 9 அடி. அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி 6 அடி. தட்டோட்டின் மேல்மட்டமான அறுபத்தொன்றரையிலிருந்து கூட்டினால் தொட்டியின் உச்சி எழுபத்தாறரை அடி.

ஒரே கட்டடம்தான். ஆனால் 61, 65, 76.5 என்று மூன்று பதில், மூன்றும் சரி.

அப்படியானால் எந்த உயரத்தைச் சொல்வது?

கேட்பவர் எதற்குக் கேட்கிறார் என்று பார்த்துத்தான். சுவருக்குப் பெயின்ட் அடிக்கச் சாரம் கட்டுபவருக்குக் கைப்பிடிச் சுவரின் உச்சி வேண்டும். பக்கத்து வீட்டு சோலார் பலகையில் நிழல் விழுமா என்று பார்ப்பவருக்கு ஹெட்ரூமும் தொட்டியும் வேண்டும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டுபவர்கள் தொட்டி, ஆன்டெனா, இடிதாங்கி எல்லாவற்றுக்கும் மேலே உள்ள உச்சியைச் சொல்ல வேண்டும். அதுவும் சாலையிலிருந்து அல்ல, கடல் மட்டத்திலிருந்து. மனை இருக்கும் இடமே கடல் மட்டத்துக்கு மேல் 40 அடி என்றால் அதையும் கூட்டியாக வேண்டும்.

மோட்டார் வாங்குபவர் கதை தனி. அதில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். தெரிந்தவர் ஒருவர் தம் குடியிருப்புக்கு மோட்டார் வாங்க உயரம் கேட்டார். "அஞ்சு மாடி, அம்பது அடி, மேலே ஒரு பத்து சேர்த்துக்குங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டேன். ஸ்டில்ட்டை விட்டேன், ஹெட்ரூமை விட்டேன், தொட்டியை விட்டேன். தரைக்குக் கீழே 8 அடி ஆழத்தில் இருந்த சம்ப் நினைவுக்கே வரவில்லை. உண்மையில் சம்ப்பின் அடியிலிருந்து தொட்டியின் வாய்வரை 84 அடி. அதற்கு மேல் குழாயின் உராய்வுக்கும் ஒரு பத்து சதவீதம் சேர்க்க வேண்டும். 60 அடிக்கென்று வாங்கிய மோட்டார் ஓடியது, ஆனால் தண்ணீர் மேலே போய்ச் சேரவில்லை. கடைக்காரர் நல்லவர், மாற்றிக் கொடுத்தார்.

சென்னையில் எங்கே பார்த்தாலும் ஸ்டில்ட் பிளஸ் 4, ஸ்டில்ட் பிளஸ் 5 என்றே இருக்கிறதே, ஏன்?

இது மேலே சொன்ன பெருக்கலின் மறுபக்கம். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். சாலையின் அகலம், சுற்றிலும் விட வேண்டிய இடம், தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் வேறு கணக்குக்குப் போய்விடும். சென்னைப் பெருநகரப் பகுதியில் முன்பு இந்த எல்லை 15.25 மீட்டராக இருந்தது.

மீட்டரில் பார்த்தால் விநோதமான எண்களாகத் தெரியும். அடியில் மாற்றிப் பாருங்கள்: 15.25 என்பது 50 அடி, 18.30 என்பது 60 அடி. மாடிக்குப் பத்து அடி என்றால் முதலாவதில் ஐந்து அடுக்கு, இரண்டாவதில் ஆறு அடுக்கு. அதாவது ஸ்டில்ட் பிளஸ் 4, ஸ்டில்ட் பிளஸ் 5.

ஆனால் நம் எடுத்துக்காட்டில் மொட்டைமாடித் தளம் 61 அடிக்கு, அதாவது 18.6 மீட்டருக்குப் போய்விட்டது. அந்த ஒரு அடிக்கு வழி பண்ண மாடியை 10 அடியிலிருந்து 3 மீட்டராக இறக்கினால் போதும். ஆறு அடுக்குக்கு 18 மீட்டர், கீழே 30 சென்டிமீட்டர், மொத்தம் 18.30. ஆகவே 2019க்குப் பிறகு வந்த ஸ்டில்ட் பிளஸ் 5 கட்டடத்தைப் பார்த்தால் நான் 10 அடியை விட 3 மீட்டரைத்தான் முதலில் பந்தயம் கட்டுவேன். கைப்பிடிச் சுவர், ஹெட்ரூம், தொட்டி போன்றவை ஒரு வரம்புக்குள் இருக்கும்வரை இந்த 18.30இல் சேராது. விதியில் சொல்லும் உயரமும் கண்ணுக்குத் தெரியும் உயரமும் வேறுவேறாக இருப்பது அதனால்தான்.

கட்டடத்துக்குள் போக முடியும் என்றால் மாடி உயரத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

மாடிப்படியை எண்ணுங்கள். இதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரு மாடியின் தரையிலிருந்து அடுத்த மாடியின் தரைக்குத்தான் படி ஏறுகிறது. எனவே படிகளின் எண்ணிக்கையை ஒரு படியின் உயரத்தால் பெருக்கினால் வருவது நமக்கு வேண்டிய அதே உயரம். தளத்தின் கனம், டைல்ஸ் என்று எதையும் தனியாகக் கூட்ட வேண்டாம்.

எண்ணும்போது ஒரு விஷயம். மிதிக்கும் பலகையை எண்ணாதீர்கள், கால் எத்தனை தடவை மேலே ஏறுகிறது என்று எண்ணுங்கள். நடுவில் திரும்பும் லேண்டிங்கிலும், முடிவில் மேல்தரையிலும் வைக்கும் காலும் ஏற்றம்தான். பலகையை மட்டும் எண்ணினால் ஒவ்வொரு பாதிப் படிக்கட்டிலும் ஒன்று குறையும், ஆக மாடிக்கு இரண்டு படி, ஓர் அடி காணாமல் போகும்.

படியின் உயரத்தை எடுக்க ஒரே படியை அளக்காதீர்கள். அடிப்படியும் கடைசிப் படியும் டைல்ஸ் போட்ட பிறகு மற்றவற்றிலிருந்து அரை அங்குலம் மாறியிருக்கும். நடுவில் உள்ள ஐந்தாறு படிகளை அளந்து சராசரி எடுங்கள். 20 ஏற்றம், படிக்கு 6 அங்குலம் என்றால் 10 அடி. அதே 20 ஏற்றம், ஆனால் படி ஆறேகால் அங்குலம் என்றால் 10 அடி 5 அங்குலம்.

அந்த 5 அங்குலம் அற்பமாகத் தெரியும். ஆனால் மாடி உயரத்தில் விழும் பிழை மாடிதோறும் பெருகும். ஆறு அடுக்கில் அது இரண்டரை அடி, இருபது அடுக்கில் 8 அடிக்கு மேல். கீழே அடித்தளத்திலோ மேலே கைப்பிடிச் சுவரிலோ அரை அடி தவறினால் மொத்தத்திலும் அரை அடிதான் தவறும். உங்களுக்குக் கால் மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அதைப் படிக்கட்டில் செலவிடுங்கள்.

சரி, மொட்டைமாடிக்கே போய்விட முடியும் என்றால்? டேப்பின் நுனியில் ஒரு கனத்தைக் கட்டிக் கீழே இறக்கி அளந்துவிடுங்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கவே வேண்டாம்.

வெளியே சாலையில் நின்றுதான் பார்க்க முடியும். அப்போது?

கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளின் உயரத்தை வைத்து மாடி உயரத்தைப் பிடிக்கலாம். நம் ஊரில் கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே ஓடும் லிண்டல் பெரும்பாலும் அந்தத் தரையிலிருந்து 7 அடியில் இருக்கும். பால்கனிக் கதவு தெரிந்தால் அதுவே உங்கள் அளவுகோல். எதிர்ப்பக்கம் தள்ளி நின்று ஒரு படம் எடுத்து, கதவின் உயரத்தையும் ஒரு பால்கனித் தரையிலிருந்து அடுத்த பால்கனித் தரைவரை உள்ள தூரத்தையும் படத்தில் அளந்து ஒப்பிடுங்கள். கதவு 28 மில்லிமீட்டர், மாடி 40 மில்லிமீட்டர் என்றால் 40ஐ 28ஆல் வகுத்து 7ஆல் பெருக்க, 10 அடி.

கேமராவை அண்ணாந்து பிடிக்காதீர்கள். அப்படி எடுத்தால் மேல்மாடிகள் குறுகித் தெரியும். முடிந்தால் எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடியிலிருந்து நேராக எடுங்கள். முடியாவிட்டால் கதவையும் மாடியையும் ஒரே மாடியில் அளந்து ஒப்பிடுங்கள்.

அலுவலகக் கட்டடத்துக்கும் இதே பத்து அடிதானா?

இல்லை. அங்கே 13 அடி, அதாவது 3.9 அல்லது 4 மீட்டர் என்று தொடங்குங்கள். ஊழியர் தலைக்கு மேலே பார்ப்பது ஃபால்ஸ் சீலிங். அதுவரை 9 அடிதான். ஆனால் அதற்கு மேலே விளக்கு, தீயணைப்புத் தண்ணீர்க் குழாய், ஏ.சி. டக்ட், அதற்கும் மேலே பீம். நீளமான தூண் இடைவெளி வேண்டும் என்பதால் பீமின் ஆழமே 2 அடி வரும். அந்த மறைந்த 4 அடிதான் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ள வித்தியாசம்.

பீம் இல்லாத தட்டைத் தளமாகப் போட்டால் இதில் ஓர் அடிக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம் என்பதால் 11 அடிச் சில்லறையில் நிற்கும் அலுவலகங்களும் உண்டு. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இரவில் விளக்கெரியும்போது பாருங்கள். வெளிச்சப் பட்டைக்கும் அடுத்த வெளிச்சப் பட்டைக்கும் நடுவில் உள்ள இருட்டுப் பட்டை எவ்வளவு தடிமன் என்று பார்த்தால் மறைந்த இடம் எவ்வளவு என்று ஊகிக்கலாம்.

இருபது, முப்பது மாடி போனால் சூத்திரம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. உலகின் உயரமான கட்டடங்களைப் பட்டியலிடும் சி.டி.பி.யூ.எச். என்று அறியப்பட்ட சிகாகோ அமைப்பு, உயரம் தெரியாத கட்டடங்களுக்காக வைத்திருந்த சூத்திரம். `f` மாடிகளின் எண்ணிக்கை, `H` மீட்டரில் உயரம். முதலாவது அலுவலகத்துக்கு, இரண்டாவது குடியிருப்புக்கு:

```
H = 3.9 f + 11.7 + 3.9 (f / 20)
H = 3.1 f + 7.75 + 1.55 (f / 30)
```

பயமுறுத்தும் தோற்றம்தான், ஆனால் உள்ளே இருப்பது நாம் போட்ட அதே கணக்கு. அலுவலகத்தில் மாடிக்கு 3.9. நுழைவுக் கூடம் இரட்டை உயரம் என்பதால் கூடுதலாக ஒரு 3.9. உச்சியில் லிஃப்ட் இயந்திரம், குளிரூட்டும் கோபுரம் போன்றவற்றுக்கு இரண்டு மாடி உயரம், 7.8. இவை இரண்டும் சேர்ந்தது 11.7. கடைசிப் பகுதி, இருபது மாடிக்கு ஒருமுறை வரும் இயந்திர மாடிக்கு. அதுவும் சாதாரண மாடியை விட இரு மடங்கு உயரம், எனவே இருபதுக்கு ஒரு கூடுதல் 3.9.

20 மாடி அலுவலகத்துக்குப் போட்டால் 78, 11.7, 3.9 சேர்ந்து 93.6 மீட்டர். குடியிருப்பு என்றால் கிட்டத்தட்ட 71 மீட்டர். மாடிக்குப் பத்து அடி என்று பெருக்கியவர் இரண்டுக்கும் 61 மீட்டர் என்று சொல்லியிருப்பார்.

சின்னக் கட்டடத்துக்கு இதைக் கொண்டுவராதீர்கள். நம் ஸ்டில்ட் பிளஸ் 5க்கு இரண்டாவது சூத்திரம் 26.7 மீட்டர், ஏறக்குறைய 87 அடி என்கிறது. தொட்டி உச்சியே எழுபத்தாறரை அடிதானே! உயர்மாடிக்கு உரிய கூடத்தையும் உச்சி இயந்திர அறையையும் நம் தலையில் கட்டிவிடுகிறது.

பெட்ரோனாஸ் கோபுரத்துக்கு இந்தச் சூத்திரம் சரியாக வருமா?

88 மாடி, அலுவலகம். 343.2, 11.7, 17.2 சேர்த்தால் 372 மீட்டர். ஆனால் அறிவிக்கப்பட்ட உயரம் 451.9. எண்பது மீட்டர் எங்கே போனது? மக்கள் புழங்கும் கடைசி மாடி 375 மீட்டரில் இருக்கிறது. அதற்கு மேலே குறுகிக்கொண்டே போகும் முடியும் ஊசி முனையும்தான் மீதி. சூத்திரம் மாடிகளைத்தான் எண்ணுகிறது, கிரீடத்தை அல்ல.

துபாயின் புர்ஜ் கலீஃபாவில் இது இன்னும் வெளிப்படை. 828 மீட்டரில் ஆள் இருக்கும் கடைசி மாடி 585 மீட்டர் உயரத்தில் முடிந்துவிடுகிறது. 828ஐ 163 மாடிகளால் வகுத்து "மாடிக்கு 5 மீட்டர்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் யாரும் அவ்வளவு உயரக் கூரையின் கீழ் தூங்குவதில்லை.

போட்ட கணக்கு சரியா என்று எப்படிச் சோதிப்பது?

வெயில் இருந்தால் நிழல். நம் ஸ்டில்ட் பிளஸ் 5க்கே பார்ப்போம். 5 அடிக் கம்பு ஒன்றைச் சமதரையில் செங்குத்தாக நிறுத்தினேன், நிழல் 4 அடி. அதே நிமிடத்தில் கட்டடத்தின் நிழல் நுனிவரை 51 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 51ஐ 4ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் 63.75 அடி. கைப்பிடிச் சுவர் 65 அடி என்று கணக்கிட்டோம். ஒன்றேகால் அடி வித்தியாசம், ஒப்புக்கொள்ளலாம். மாடி 10 அடி இல்லை, 3 மீட்டராக இருக்கலாம் என்ற சந்தேகமும் வலுக்கிறது. ஆறு அடுக்குக்கு அந்த வித்தியாசம் ஓர் அடிதான்.

நிழலின் நுனி கைப்பிடிச் சுவருடையதா, உள்ளே தள்ளி நிற்கும் ஹெட்ரூமுடையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அளவையும் அந்த விளிம்புக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து, நிழல் ஓடும் திசையிலேயே தொடங்க வேண்டும், சுற்றுச்சுவரிலிருந்து அல்ல. வித்தியாசம் 9, 10 அடி என்று வந்தால் உயரத்தில் தேடாதீர்கள். திரும்பப் போய் மாடியை எண்ணுங்கள், ஒன்றை விட்டிருப்பீர்கள்.